மாறி வந்த பைசாவுக்கு என்ன பதில் எழுதுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தவரின் வங்கிக் கணக்கே முடங்கிப்போவது பற்றி உங்கள் இதழில் செய்தி வந்திருந்தது. ‘வங்கியை அணுகுங்கள்’ என்ற ஒரு வரியோடு அது முடிந்துவிட்டது. ஆனால் சிக்கல் வங்கிக்குப் போவதற்கு முன்பே, வாட்ஸ்அப்பில் தட்டிவிடும் முதல் பதிலிலேயே தொடங்கிவிடுகிறது. அந்தப் பதிலை எப்படித் திருத்தி எழுதுவது என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை. மாலையில் அவர் கணக்கில் யுபிஐ வழியாக 8,500 ரூபாய் வரவாகிறது. பத்து நிமிடத்தில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி: “அண்ணே, பைசா மாறி உங்க நம்பருக்கு வந்துட்டு. ஆஸ்பத்திரில கட்ட வச்சிருந்தது. தயவுசெஞ்சு இந்த நம்பருக்குப் போட்டு விடுங்க.”

நம்மூர்க்காரர் மனம் இளகி எழுதும் பதில் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“ஐயோ, இப்பதான் பாத்தேன். 8,500 வந்திருக்கு. கவலப்படாதீங்க, எந்த நம்பருக்கு அனுப்பணும்னு சொல்லுங்க, உடனே போட்டு விடுறேன். ஸ்கிரீன்ஷாட் அனுப்புறேன், பாருங்க.”

நல்ல மனசு எழுதிய பதில்தான். ஆனால் இதில் ஒரு வரிகூட மிஞ்சக் கூடாது.

தொகையை நாமே சொல்லிவிட்டோம். பணம் அனுப்பாதவரும் இனி ‘ஆமாம், 8,500தான்’ என்று சொல்லிவிடலாம். ஸ்கிரீன்ஷாட்டில் நம் பெயர், வங்கி, சில நேரம் மீதித் தொகை வரை தெரிந்துவிடும். எல்லாவற்றையும் விட மோசமானது ‘எந்த நம்பருக்கு அனுப்பணும்’ என்ற கேள்வி. பணம் எங்கிருந்து வந்ததோ அங்கேதான் திரும்ப வேண்டும். போக வேண்டிய இடத்தை எதிராளியின் வாயிலிருந்து கேட்டால், அதை அவர் கையில் ஒப்படைத்துவிட்டோம் என்று பொருள்.

இதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்கு ஒரு சங்கிலியைக் காட்டுகிறேன். மோசடிக்காரன் கோயம்புத்தூரில் ஒருவரை ஏமாற்றுகிறான். பணத்தைத் தன் கணக்குக்கு வாங்காமல் மார்த்தாண்டத்துக் கடைக்காரரின் எண்ணைக் கொடுக்கிறான். கடைப் பலகையில் இருக்கும் எண்தானே, கிடைப்பது கஷ்டமில்லை. ஏமாந்தவர் அனுப்பிவிட்டு ஸ்கிரீன்ஷாட்டை மோசடிக்காரனுக்கே அனுப்புகிறார். அவன் கடைக்காரரிடம் ‘மாறி வந்துட்டு’ என்று அழுது, மூன்றாவது ஒரு எண்ணுக்கு வாங்கிக்கொள்கிறான். இரண்டு நாள் கழித்து ஏமாந்தவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுக்கிறார். அவர் புகாரில் இருக்கும் பெயர் யாருடையது? கடைக்காரருடையது. வங்கி அவர் கணக்கில் அந்தத் தொகையை எடுக்க முடியாதபடி பிடித்துவைக்கும். ‘லியன்’ போட்டிருக்கிறார்கள் என்பார்கள். சில சமயம் கணக்கு முழுவதுமே நிற்கும். தன் கையிலிருந்து 8,500 போனது ஒரு பக்கம், அதே தொகைக்குப் பதில் சொல்ல வேண்டியது இன்னொரு பக்கம்.

யுபிஐ பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. செயலியில் UTR என்றோ UPI transaction ID என்றோ இருக்கும். ‘அந்த எண்ணைக் கேட்டு, சரியாகச் சொன்னால் அவர்தான் அனுப்பியவர்’ என்று பலர் நம்புகிறார்கள். மேலே சொன்ன சங்கிலியில் மோசடிக்காரன் கையிலும் அந்த ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதே. ஆகவே எண்ணைச் சொல்லத் தெரியாதவரை விலக்க மட்டுமே இந்தச் சோதனை உதவும். சரியாகச் சொன்னவரை நம்ப அது போதாது. நம்மைக் காப்பது பணம் திரும்பிப் போகும் வழிதான்.

சரியான வழி இது. அனுப்பியவர் தன் செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, தவறான கணக்குக்குப் போய்விட்டதென்று புகார் பதிய வேண்டும். அல்லது தன் வங்கிக் கிளையில் எழுதிக் கொடுக்க வேண்டும். யுபிஐயை நடத்தும் என்பிசிஐயின் npci.org.in தளத்திலும் புகாருக்கு இடம் இருக்கிறது. அவருடைய வங்கி நம் வங்கிக்குத் தெரிவிக்கும். நம் கிளை நம்மைக் கேட்கும். நாம் கையெழுத்துப் போட்டுச் சம்மதம் கொடுத்தால், பணம் வந்த கணக்குக்கே திரும்பும். நம் சம்மதம் இல்லாமல் வங்கி தானாக எடுத்துக் கொடுப்பதில்லை என்பதால், நாம் எழுதும் பதிலில் இந்தச் சம்மதம் தெளிவாக இருக்க வேண்டும். உண்மையிலேயே பணம் மாறிப்போனவருக்கு அந்த ஒரு வரிதான் ஆறுதல்.

பதில் எழுதுவதற்கு முன் பணம் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எஸ்எம்எஸ்ஸை நம்ப வேண்டாம். வங்கியின் செய்தி சாதாரணப் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வராது. அப்படி வந்திருந்தால் அது யாரோ தட்டச்சு செய்து அனுப்பியது. வங்கிச் செயலியில் ஸ்டேட்மென்டைத் திறந்து பாருங்கள். வரவு இல்லையென்றால் பதிலே தேவையில்லை.

வரவு இருந்தால், திருத்திய பதில் இப்படி இருக்கலாம்:

“வணக்கம். என் கணக்கில் தவறுதலாகப் பணம் வந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். எந்தத் தேதி, எவ்வளவு தொகை, 12 இலக்க UTR எண் என்ன என்பதை எழுதுங்கள். அப்படி ஒரு வரவு இருந்தால் அதை நான் தொடமாட்டேன். ஆனால் நானாக வேறு எந்த எண்ணுக்கோ க்யூஆருக்கோ அனுப்ப இயலாது. உங்கள் செயலியிலோ வங்கியிலோ தவறான பரிவர்த்தனை என்று புகார் பதிந்து, புகார் எண்ணைத் தெரிவியுங்கள். திங்கள்கிழமை என் வங்கிக் கிளைக்கு எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் வங்கியிலிருந்து கோரிக்கை வந்ததும், பணம் வந்த கணக்குக்கே திரும்பச் சம்மதிக்கிறேன்.”

தொகையை இதில் சொல்லவில்லை, கேட்டிருக்கிறோம். ‘உங்கள் பணம்’ என்று ஒப்புக்கொள்ளவில்லை. ‘அப்படி ஒரு வரவு இருந்தால்’ என்றுதான் இருக்கிறது. ‘உடனே’ என்ற சொல்லும் இல்லை, அதற்குப் பதில் கிழமை இருக்கிறது. ‘நீ திருடனா?’ என்ற தொனியும் வேண்டாம். எதிரில் இருப்பவர் ஓர் இலக்கம் மாற்றித் தட்டிவிட்டுப் பதறிக்கொண்டிருக்கும் மனிதராகவும் இருக்கலாம். திட்டி எழுதினால் அவர் நம்மை ஏமாற்றுக்காரர் என்று நினைத்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போவார்.

இதற்கு வரும் மறுபதிலிலேயே பாதி விளங்கிவிடும். நிஜமாக மாற்றி அனுப்பியவர் ‘எந்த இடத்தில் புகார் பதியணும்?’ என்று கேட்பார். மற்றவர் வங்கி என்ற பேச்சையே தவிர்ப்பார். அவசரம், அழுகை, பிறகு மிரட்டல். ஒரு லிங்க்கோ க்யூஆரோ அனுப்பி, ‘ஸ்கேன் செஞ்சு பின் போட்டா ரிவர்ஸ் ஆகிடும்’ என்பார். யுபிஐ பின் என்பது நம் கணக்கிலிருந்து பணம் போவதற்கு. ரிவர்சலுக்கு நாம் பின் போட வேண்டிய வேலையே இல்லை. தனிநபருக்குத் தனிநபர் ‘கலெக்ட்’ கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் என்பிசிஐ நிறுத்திவிட்டது. க்யூஆரும் லிங்க்கும் அப்படியேதான் இருக்கின்றன.

‘போலீசில் சொல்லிவிடுவேன்’ என்றால் பயந்து அனுப்பிவிடாதீர்கள். தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அதை நேர்மையின்றி நமதாக்கிக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆவது பிரிவில் குற்றம். ஆனால் ‘தொடமாட்டேன், வங்கி வழியாகத் தரச் சம்மதம்’ என்று முதல் நாளே எழுதிக் கொடுத்தவர் நேர்மையில்லாதவர் என்று சொல்ல இடமில்லை. அனுப்பிய பதிலை அழிக்காமல் வைத்திருக்க இதுவும் ஒரு காரணம்.

திங்கள்கிழமை கிளைக்கு நேரில் போங்கள். ‘பேங்க்ல இருந்து பேசுறோம்’ என்று வரும் அழைப்பில் எதையும் முடிக்க வேண்டாம். கடிதம் இரண்டு பிரதி: கணக்கு எண், வரவான தேதி, தொகை, UTR எண், ‘இது என்னுடைய தொகை அல்ல; அனுப்பிய வங்கியின் கோரிக்கை வந்தால் அதே கணக்குக்குத் திருப்பச் சம்மதிக்கிறேன்’ என்ற வரி. ஒரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது 1930-இல் புகார் கொடுத்துக் கணக்கில் லியன் விழுந்தால், நாகர்கோவில் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் காட்ட அந்த முத்திரைத் தாள்தான் கையில் இருக்கும். மிரட்டலோ லிங்க்கோ வந்திருந்தால் நீங்களே முந்திக்கொண்டு 1930-இலோ cybercrime.gov.in தளத்திலோ பதிந்துவிடுங்கள்.

பலர் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று இருக்கிறது. பணத்தைத் தொடமாட்டேன் என்று எழுதியாயிற்று. ஆனால் கணக்கில் மாதம் 5-ஆம் தேதி இஎம்ஐ தானாகப் போகும்படி இருக்கிறது. மீதி 1,200 இருந்த கணக்கில் இந்த 8,500 சேர்ந்ததும், பணம் போதாமல் நின்றிருக்க வேண்டிய 6,000 ரூபாய் தவணை அதிலிருந்தே போய்விடும். வங்கி கேட்கும் நாளில் கணக்கில் 3,700தான் இருக்கும். அப்படிக் கழிய எதுவும் இருந்தால் அதற்கான பணத்தை முன்பே போட்டுவிடுங்கள்.

இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சல் வேண்டுமா என்று கேட்பீர்கள். தெரிந்தவர், அதே தெருக்காரர், குரல் கேட்டு உறுதி செய்துகொண்டீர்கள் என்றால், செயலியில் வந்த அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, அதிலிருக்கும் அதே யுபிஐ முகவரிக்குத் திருப்பி அனுப்பலாம். அப்போதும், வங்கியில் ஏற்கனவே புகார் பதிந்துவிட்டாரா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். பதிந்திருந்தால் நீங்கள் அனுப்பியது ஒன்று, வங்கி எடுத்தது ஒன்று என இரண்டு தடவை போய்விடக்கூடும். தெரியாதவர் என்றால் தொகை சிறியதானாலும் வங்கி வழிதான்.

பணம் திரும்பிய அன்று இன்னொரு செய்தியும் எழுத வேண்டும்: “இன்று என் வங்கி வழியாக 8,500 ரூபாய், பணம் வந்த அதே கணக்குக்குத் திரும்பியது. எண் இது. வரவானதைப் பார்த்துப் பதில் எழுதுங்கள்.” அவர் ‘வந்துட்டு’ என்று எழுதும் ஒரு சொல்லையும் அந்த முத்திரைத் தாளோடு சேர்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
தக்கலை.