முகம் தட்டையான தாள் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஒருவரின் முகத்தை இன்னொருவரின் தலைமேல் பொருத்தும் முகமாற்றக் காணொளிகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, ‘இலக்குத் தலை எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவு புகைப்படத்தைச் சுழற்றி ஒட்டினால் போதும்’ என்கிறது. முகம் பொருத்துவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்த வரி மிகுந்த வருத்தம் தந்தது.

தலை தோள்பக்கம் சாய்ந்திருந்தால் மட்டுமே அது சரி. தலை 40 பாகை பக்கவாட்டில் திரும்பியிருந்தால் என்ன ஆகும்? கண்களின் வெளிமுனைகளுக்கு இடையே உள்ள 9 செ.மீ. தூரம் படத்தில் ஏறத்தாழ 7 செ.மீ. ஆகச் சுருங்கும், அந்த முனைகளைவிட 3 செ.மீ. முன்னே நிற்கும் மூக்கு நுனியோ, திரும்பிய பக்கமாக ஏறத்தாழ 2 செ.மீ. நகர்ந்து நிற்கும். ஆழம் தெரியாத தட்டைப் படத்தை எப்படிச் சுழற்றினாலும் இது கிடைக்காது.

இதற்காகத்தான் முப்பரிமாண முக மாதிரி தேவைப்படுகிறது. பிளான்ஸ், ஃபெட்டர் இருவரும் 1999-இல் 200 பேரின் தலைகளை லேசரால் ஸ்கேன் செய்த தரவிலிருந்து, ஒரு சராசரி முகத்தையும் முகங்கள் அதிலிருந்து வேறுபடும் விதங்களையும் கணக்கிட்டுக் காட்டினார்கள். அத்தகைய மாதிரியை, யாருடைய முகத்தை எடுக்கிறோமோ அவருடைய மூலப் படத்தில் பொருத்தி அவர் முக வடிவத்தையும், அந்த முகத்தை ஒட்டவேண்டிய இலக்குப் படத்தில் பொருத்தித் தலை நிற்கும் கோணத்தையும் முகபாவத்தையும் எடுத்துக்கொள்கிறோம். பிறகு மூலவரின் வடிவத்துக்கு இலக்கின் முகபாவத்தைக் கொடுத்து, மூலப் படத்தின் தோலை அதன்மேல் போர்த்தி, இலக்கின் கோணத்துக்குத் திருப்பிப் படமாக்குகிறோம். திரும்பிய மூக்கு அப்பால் உள்ள கன்னத்தை மறைப்பதும் அப்போது தானாகவே நிகழ்கிறது.

முகத்தில் 68 புள்ளிகள் இட்ட ஒரு படத்தை, ‘முப்பரிமாண மாதிரி’ என்று முன்பே ஒருமுறை அச்சிட்டிருந்தீர்கள். அப்போதே எழுதினேன், பதில் வரவில்லை. அந்தப் புள்ளிகள் மாதிரியைப் பொருத்துவதற்கான வழிகாட்டிகளே. அவற்றிலும் தாடை ஓரப் புள்ளிகள் ஏமாற்றக்கூடியவை: தலை திரும்பும்போது கண்ணுக்குத் தெரியும் விளிம்பு கன்னத்தின் வேறோர் இடத்துக்கு நகர்ந்துவிடும். இதைக் கவனிக்காமல் பொருத்தினால் முக வடிவமே பிசகிப்போகும். அப்படிப்பட்ட படங்களைப் பலமுறை திருத்தியிருக்கிறேன்.

மாதிரிக்கும் எல்லை உண்டு என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. ஒரே படத்திலிருந்து பெறும் ஆழம், மற்ற முகங்களைக் கொண்டு செய்யும் மதிப்பீடுதான். நேராகப் பார்க்கும் முகத்தின் படத்தில் கன்னத்தின் பக்கப்பகுதி சில பிக்சல்களே இருக்கும்; திருப்பியதும் அது இழுபட்டு, தோலின் துளைகள் கோடுகளாகத் தெரியும். மூலப் படத்தில் மூக்கருகே விழுந்த நிழலும் தோலோடு சேர்ந்தே திரும்பிவிடும். இலக்கில் ஒளி வேறு பக்கமிருந்து வந்தால் அந்த நிழலே ஒட்டுவேலையைக் காட்டிக்கொடுக்கும். தங்கள் வாசகர்கள் போலிப் படத்தை அடையாளம் காண உதவியிருக்கக்கூடியவை இவைதாம்.

அந்த ஒரு வரிக்காவது அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்