23 பேரும் ஒரு கப்பலும்: ஒரு நன்றி மடல்

எங்கள் பயிற்சிக்கு உதவிய எல்லோருக்கும்,

இந்த மடலை மே மாதமே எழுதியிருக்க வேண்டும். நூலகத்தில் மாலை வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து உட்கார்ந்து எழுத நேரமில்லை என்று சொன்னால் பாதி உண்மைதான். மீதிப் பாதி, நீங்கள் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்ற எண்ணம். முதல் நாளே தவறாகச் செய்தேன். அதையும் இதில் எழுதியிருக்கிறேன்.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் தினமும் மாலை இரண்டு மணி நேரம் கதையும் விளையாட்டும் கைவேலையும் நடத்த வேண்டும். அதற்குப் பெயர் கொடுத்த 23 பேரில் ஒருவர்கூட அதற்கு முன்பு பிள்ளைகளைக் கூட்டி வைத்து எதையும் நடத்தியதில்லை. நான் வேறோர் இடத்தில் ஒரு நாள் பயிற்சிக்குப் போயிருக்கிறேன். காலை முதல் மாலை வரை குழந்தை உளவியல் பற்றிய உரை. நல்ல உரைதான். மறுநாள் பத்துப் பிள்ளைகள் என் முன்னால் நின்றபோது அதிலிருந்து ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. ஆகவே, இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் விளையாட்டுதான் என்று நீங்கள் சொன்னதும் எங்களில் சிலர் சிரித்தோம். மன்னிக்கவும்.

முதல் நன்றி, முதல் ஞாயிறு பயிற்சியை நடத்திய அக்காவுக்கு. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, எங்கள் பக்கத்தில் முதலில் சேர்ந்த தன்னார்வலர்களில் அவரும் ஒருவர். மாலை ஐந்து மணிக்கு வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பழகியவர். வந்ததும் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “கப்பல் மூழ்குகிறது, படகில் நான்கு பேர்” என்றார்.

எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டுதான். எண்ணைச் சொன்னதும் அத்தனை பேராகச் சேர்ந்து நிற்க வேண்டும். மிஞ்சியவர்கள் வெளியே. 23 பேரில் நான்கு நான்காகச் சேர்ந்ததும் மூன்று பேர் மிஞ்சினார்கள். இருபது பேரில் மூன்று மூன்று என்றதும் இன்னும் இரண்டு பேர். பதினெட்டில் ஐந்து ஐந்து என்றதும் மேலும் மூன்று பேர். மூன்றே சுற்றில் எட்டுப் பேர் சுவரோரம். அந்த எட்டில் நானும் உண்டு. அந்த இடத்தில் அக்கா ஆட்டத்தை நிறுத்தினார். உள்ளே நின்று கைதட்டியவர்களிடம் எதுவும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, “இவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?” என்றார்.

ஒருவர் செல்போன் பார்த்ததாகச் சொன்னார். நான் தகரக் கூரையில் எத்தனை ஓட்டை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று. “நீங்கள் எட்டுப் பேரும் யாருடன் வந்தீர்கள்?” என்பது அடுத்த கேள்வி. ஆறு பேர் தனியாக வந்தவர்கள். எண் காதில் விழுந்ததும் எல்லோரும் தெரிந்த முகத்தைத்தான் தேடியிருக்கிறார்கள். யாரும் யாரையும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. ஆனாலும் புதிதாக வந்தவர்கள்தான் முதலில் சுவரோரம் போனார்கள். நாளை பிள்ளைகளிடமும் இதுவே நடக்கும், கூச்சமுள்ள பிள்ளைதான் முதலில் வெளியே போகும், மீதி நேரம் முழுவதும் அது சும்மா நிற்கும் என்று அக்கா விளக்கவில்லை. விளக்கத் தேவையிருக்கவில்லை.

பிறகு அதே விளையாட்டை மறுபடி ஆடினோம். இம்முறை அவரும் உள்ளே வந்தார். அப்போதுதான் கணக்கு புரிந்தது. 23 பகா எண். எப்படிப் பிரித்தாலும் யாராவது மிஞ்சியே தீர வேண்டும். நடத்துகிறவர் ஒருவர் உள்ளே வந்தால் 24. இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு, எதைச் சொன்னாலும் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். விளையாட்டுக்கு முன்பு தலையை எண்ணிப் பார்த்து, எந்த எண்ணைச் சொன்னால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று மனதில் போட்டு வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு வேண்டுமென்றே ஐந்து என்றார். நான்கு பேர் மிஞ்சினோம். “நீங்கள் நால்வரும் பேசி அடுத்த எண்ணைச் சொல்லுங்கள்” என்றார். மிஞ்சியவர்கள் கையில் ஆட்டம். அடுத்த சுற்றிலேயே, மிஞ்ச வேண்டுமென்று இரண்டு பேர் வேண்டுமென்றே மெதுவாக நடந்ததை நான் பார்த்தேன்.

ஒருமுறை சேர்ந்தவருடன் மறுமுறை சேரக்கூடாது என்ற விதியையும் அவர் அதன் பிறகுதான் போட்டார். நான்கு சுற்றுக்குள் எல்லோரும் பல புதிய பெயர்களைக் கேட்டுவிட்டோம். அதற்கு மேல் யாருடன் நின்றோம் என்பதே நினைவில் நிற்பதில்லை. அந்த விதிக்கு அவ்வளவுதான் ஆயுள்.

தையற்கடை மாமாவுக்கு நன்றி சொல்லும் இடம் இதுதான். ஆணும் பெண்ணுமாக இருந்ததால், கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் சிலருக்குச் சங்கடம். இரண்டு பெண்கள் எண்ணைச் சொன்னதும் நகராமல் நின்றார்கள். அக்கா யாரையும் வற்புறுத்தவில்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் மாமா வெட்டுத் துணிகளை முறுக்கி முடிச்சுப் போட்டு, ஆறு வளையங்கள் செய்து கொடுத்தார். வளையத்துக்குள் ஒரு கால் வைத்தால் படகில் ஏறியதாகக் கணக்கு. யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை. மண் தரையில் அருமையாக இருந்தது. சிமெண்டுத் தரைக்குப் போனதும் துணி வழுக்கி, ஒருவர் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். அன்றிலிருந்து உள்ளே ஆடினால் சாக்பீஸ் வட்டம், வெளியே ஆடினால் மட்டும் துணி. மருந்துக்கடை அண்ணனுக்கும் நன்றி, பஞ்சுக்குக் காசு வாங்கவில்லை.

இரண்டாம் ஞாயிறு ஐயாவின் நாள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தவர். தோளில் துண்டு. ‘குலை குலையா முந்திரிக்காய்’ ஆடலாம் என்றார். நாங்கள் கூட்டமாக நின்றுகொண்டிருந்தோம். துண்டை ஒருவரிடம் எறிந்தார். பிறகு யார் உட்கார வேண்டும், யார் சுற்றி ஓட வேண்டும், துண்டை எங்கே போட வேண்டும், எந்தப் பக்கம் ஓட வேண்டும், பிடிபட்டால் என்ன என்று நீளமாக விளக்கினார். “சரி, வட்டமாக உட்காருங்கள்.” உட்கார்ந்து முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. துண்டு கையில் இருந்தவர் விளக்கத்தைக் கேட்கவே இல்லை. அதை முறுக்கிப் பக்கத்தில் இருந்தவரை அடித்துக்கொண்டிருந்தார். ஐயா சிரித்தார். வேண்டுமென்றே செய்திருக்கிறார்.

அடுத்தது சரியான முறை. முதலில் வட்டமாக உட்கார வைத்தார். உட்கார்ந்த பிறகு மூன்றே வாக்கியங்கள். பிறகு ஓடாமல், நடந்தே ஒரு சுற்று ஆடிக் காட்டினார். அந்தச் சுற்றில்தான் கேள்விகள் எல்லாம் வந்தன, அங்கேயே பதிலும் கிடைத்தது. அதுவரை துண்டு அவர் தோளிலேயே இருந்தது. “துண்டு என் தோளைவிட்டு இறங்கினால் என் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்” என்றார். இப்போது நான் வகுப்பில் பந்தோ கலர் பென்சிலோ எதுவானாலும், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும்வரை பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை.

பிறகு ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் ஒரு விளையாட்டை நடத்த வேண்டும், மற்றவர்கள் பிள்ளைகளாக இருப்பார்கள். ஒரே வட்டமாக நடத்தினால் இரண்டு மணி நேரம் ஆகும், கடைசியில் வருகிறவரை யாரும் கவனிக்கமாட்டார்கள். அதனால் பன்னிரண்டு, பதினொன்று என்று இரண்டு வட்டமாகப் பிரித்தார். சிறிய வட்டத்தில் மெல்லிய குரலும் கேட்டது. என் முறை வந்ததும் நான் “தள்ளாதீர்கள், கத்தாதீர்கள், வட்டத்தைவிட்டு வராதீர்கள்” என்று தொடங்கினேன். பிள்ளையாக நடித்த ஒருவர் உடனே பக்கத்தில் இருந்தவரைத் தள்ளினார். அதுவரை அவருக்கு அந்த நினைப்பே இல்லையாம். “என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல், அம்மா” என்றார் ஐயா. முடிந்ததும் எல்லோரையும் போல என்னிடமும் கேட்ட கேள்விகள் இரண்டுதான். எந்த இடத்தில் அவர்கள் உன்னைப் பார்ப்பதை நிறுத்தினார்கள்? அதற்குச் சற்று முன்பு நீ என்ன செய்தாய்?

இவ்வளவும் கற்றுக்கொண்டு முதல் நாள் போனேன். பதினேழு பிள்ளைகள். பதற்றத்தில் தலையை எண்ணினேனே தவிர, கணக்குப் போடவில்லை. உள்ளேயும் போகவில்லை. நான்கு என்று கத்தினேன். நான்கு படகு நிறைந்தது, ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் நடுவில் நின்றாள். ஒரே ஒருத்தி. இரண்டு மூன்று பேர் மிஞ்சினாலாவது துணைக்கு ஆள் இருந்திருக்கும். அடுத்த எண்ணை அவளைச் சொல்லச் சொன்னேன். எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்றதும் அவள் அழுதுவிட்டாள்.

அன்று இரவு அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “எண்ணைச் சொல்வதற்கு முன்பே யாராவது யார் கையையாவது பிடித்துக்கொண்டிருந்தார்களா?” பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மூன்று ஜோடிகள், இறுக்கமாக. அப்படிப் பிடித்துக்கொண்டால், மிஞ்சிவிடுவோமோ என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று அர்த்தம், அதைப் பார்த்ததுமே விதியை மாற்று என்றார். மறுநாள் நானும் உள்ளே போனேன். பதினெட்டு. ஒரு பெரிய பிள்ளை, ஒரு சின்னப் பிள்ளை என்று ஒன்பது ஜோடி. ஜோடி பிரியக்கூடாது. எனக்கு ஜோடி அந்தச் சிறுமி. எண்களை ஜோடிக் கணக்கில் மட்டும் சொன்னேன். மூன்று ஜோடி என்றால் மூன்று படகு, மிச்சமில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வேகமாக எண்ண முடியாமல் தவித்ததும் தீர்ந்தது, பெரியவர்கள் எண்ணினார்கள். நான்காவது சுற்றில் “இன்னொரு தடவை” என்று கத்தினார்கள். ஐயா சொன்னபடி, அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுக் கதைக்குப் போனேன். பிள்ளைகளிடம் திட்டு வாங்கினேன்.

பயிற்சி நடந்த கொட்டகையின் சாவியை இரண்டு வாரமும் எங்களிடமே விட்டுவைத்த நூலகருக்கும், 23 பேருக்கு டீ போட்டுவிட்டுப் பத்துப் பேருக்குத்தான் காசு வாங்குவேன் என்று அடம்பிடித்த டீக்கடை அண்ணனுக்கும், ஞாயிற்றுக்கிழமையும் சமையலை விட்டுவிட்டு எங்கே போகிறாய் என்று கேட்காத என் அம்மாவுக்கும் நன்றி.

மாமா, ஆறு வளையத்தில் ஒன்று பிய்ந்துவிட்டது. அந்தச் சிறுமி அதைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய், அவள் பாட்டியிடம் தைத்து வாங்கி வந்திருக்கிறாள். முடிச்சு உங்களுடையதைவிடப் பெரியதாக இருக்கிறது. வந்து பாருங்கள்.

அன்புடன்,
மாலை வகுப்புத் தன்னார்வலர்கள் 23 பேர் சார்பில்,
கூரை ஓட்டையை எண்ணியவள்