வரைபடத்துக்கு அடுத்த ஸ்லைடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

காலராவுக்குக் காரணம் தேடிய லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோவைப் பற்றிய உன் மாணவனின் செமினார் பி.பி.டி.யையும் அதற்கு நீ எழுதியிருக்கும் குறிப்பையும் பார்த்தேன். "ஓட்டம் சரியில்லை, இன்னும் ஆழம் வேண்டும்" என்று எழுதியிருக்கிறாய். இதைப் படித்துவிட்டு அவன் எந்த ஸ்லைடைத் திருத்துவான்? எழுத்தின் நிறத்தை மாற்றிக்கொண்டு வந்து நிற்பான்.

தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்துப் பார்: ஜான் ஸ்னோ, காலரா கிருமி, வரைபடம், பம்ப், முடிவுரை, சுவையான தகவல்கள். ஒரு ஸ்லைடுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 'ஆனால்', 'அதனால்' என்று ஏதாவது போட முடிகிறதா? 'அப்புறம்' மட்டுமே பொருந்துகிற இடத்தில்தான் ஓட்டம் அறுந்திருக்கிறது. அந்த ஸ்லைடின் எண்ணைப் போட்டு எழுது.

கிருமி 2ஆவது ஸ்லைடிலேயே வந்துவிடுகிறது. 1854இல் லண்டன் சோஹோவில் காலரா பரவியபோது, கெட்ட காற்றுதான் காரணம் என்றே பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள். ஜெர்மன் மருத்துவர் கோக் கிருமியைக் காட்டியது ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழித்து. விடையை முதலிலேயே சொல்லிவிட்டால் ஸ்னோ எதற்காகத் தெருத்தெருவாக அலைந்தார் என்பதே கேட்பவருக்குப் புரியாது.

பெரிய ஓட்டை அடுத்து இருக்கிறது. "தண்ணீர்தான் காரணம் என்று வரைபடத்தால் நிரூபித்தார்" என்கிறான். அந்தப் படத்தில் பிராட் தெருவின் தண்ணீர்ப் பம்பைச் சுற்றிச் சாவுகள் குவிந்திருந்தன, சரி. அந்த இடத்தின் காற்றே கெட்டது என்று எதிர்த்தரப்பும் அதே படத்தைக் காட்டலாமே! வழக்கைத் தீர்ப்பவை விதிவிலக்குகள். பக்கத்திலேயே இருந்த பீர் ஆலையில் 70 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். அவர்கள் குடித்தது பீர், ஆலைக்குச் சொந்தக் கிணறும் இருந்தது. யாரும் காலராவில் சாகவில்லை. தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த ஒரு பெண்மணி அந்தப் பம்புத் தண்ணீரின் ருசிக்காக அதை வரவழைத்துக் குடித்தார், இறந்துபோனார். இந்த இரண்டையும் பையன் கடைசியில் 'சுவையான தகவல்கள்' என்ற தலைப்பில் போட்டிருக்கிறான், பாவம்.

ஆகவே இப்படி எழுது: "ஸ்லைடு 3: கெட்ட காற்றை நம்பும் ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்து என்ன பதில் சொல்வார்? அவருக்கு மறுப்பு உன் கடைசி ஸ்லைடுகளிலேயே இருக்கிறது. அவை எங்கே வர வேண்டும்?" இடத்தை நீயே மாற்றிக் கொடுத்துவிடாதே.

ஒரு தகவல் பிழையும் உண்டு, அதை மட்டும் நேராகவே சொல்லிவிடு. செப்டம்பர் 8இல் பம்பின் கைப்பிடியைக் கழற்றியதும் நோய் நின்றது என்று போட்டிருக்கிறான். ஆட்கள் ஊரைவிட்டு ஓடியதால் அதற்கு முன்பே சாவு குறைந்துவிட்டது. ஸ்னோவே அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

வடிவமைப்பைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். எழுதினால் அதை மட்டும்தான் சரிசெய்வான். அந்தப் பெண்மணியின் கதையைத் தேடி எடுத்தது நல்ல வேலை என்று முதல் வரியில் போடு. செமினாருக்கு முந்தின நாள் ராத்திரி அனுப்பாதே, வரிசையை மாற்ற அவனுக்கு நாள் வேண்டும்.

அப்பா