ரூம் வாடகை கூடிப்போச்சுன்னு இடுப்புல வச்ச கம்பிக்கும் காசு வெட்டுன கிளைம் பிரிவுக்கு

கிளைம் பிரிவு ஐயா, அம்மா எல்லாருக்கும் வணக்கம்.

நான் எழுதுறது மலேசியா சுங்கை சிப்புட்டுல இருந்து. பாலிசி திருச்சியில இருக்க என் மாமனார் பேர்ல, பிரீமியம் மட்டும் வருசா வருசம் இங்கிருந்து நாங்க கட்றோம். மாமா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு ராத்திரியில ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போனாங்க, ரெண்டு பேர் படுக்குற ரூம் காலி இல்லன்னு சொல்லி 8,000 ரூபா தனி ரூம்ல போட்டாங்க, பாலிசியில ஒரு நாளைக்கு 5,000தான் லிமிட்டு. அந்த வித்தியாசத்த நாங்கதான் கட்டணும், அதுல எனக்கு சண்டையே இல்ல.

சண்டை மத்த பில்லுல. கையுறை மாதிரி பாலிசியில காசு கிடைக்காத சாமானெல்லாம் கழிச்ச பிறகு பில்லு 3,20,000. நீங்க போட்டது சரியா 2,00,000. எட்டுல அஞ்சு பங்கு. அதாவது 5,000த்த 8,000த்தால வகுத்து, வந்த கணக்க மொத்த பில்லு மேலயும் அப்படியே போட்டுட்டீங்க. செட்டில்மென்ட் லெட்டர்ல ஒரே வரி, ப்ரொப்போர்ஷனேட் டிடக்ஷன்னு, எதுல எவ்வளவு வெட்டுனீங்கன்னு ஒண்ணும் இல்ல.

நான் தோட்டத்துல கிராணி வேலை பாத்தவன், ஆளுங்க வருகையும் சம்பளமும் பதியுற செக்ரோல் எழுதுன கை இது. ஒரு ஆளு ரெண்டு நாள் வேலைக்கு வரலன்னா அந்த ரெண்டு நாள் சம்பளத்த வெட்டலாம், போன மாசம் அவனுக்கு வாங்கி குடுத்த பூட்ஸ் காசுலயும் சேத்து வெட்டுனா சங்கம் சும்மா விடுமா?

உங்க பாலிசி புத்தகத்த எடுத்து பாருங்க. இந்த வெட்டு அசோசியேட்டட் மெடிக்கல் எக்ஸ்பென்சஸ், அதாவது ரூமோட சேந்து ஏறுற டாக்டர் பீஸு மாதிரி செலவுல மட்டும்தான்னு போட்டிருக்கு. மருந்து, ஆபரேஷன் சாமான், உள்ள வைக்கிற இம்ப்ளான்ட், ஸ்கேன் ரத்த டெஸ்ட்டு இதெல்லாம் அதுல சேராதுன்னும் அங்கேயே இருக்கு. நீங்களா யோசிச்சு போட்டதும் இல்ல, 2020 ஜூன்ல இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ போட்ட உத்தரவுல இருந்து வந்த வாசகம் அது. ஏன்னா பாருங்க, டாக்டர் பீஸு தனி ரூமுக்கு ஒரு ரேட்டு பொது வார்டுக்கு ஒரு ரேட்டுன்னு ஏறும், கம்பி எந்த ரூம்ல படுத்தாலும் அதே கம்பிதான்.

இப்ப கணக்குக்கு வரேன். ரூம் 6 நாளுக்கு 48,000, அதுல 30,000 உங்க பங்கு. இம்ப்ளான்ட் 90,000, மருந்து சாமான் 46,000, டெஸ்ட்டு 16,000, மூணும் சேந்து 1,52,000, இது முழுசா தரணும். மிச்சம் 1,20,000 டாக்டர், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர் சார்ஜ். இதுலயும் அந்த எட்டுல அஞ்சுன்னு வெட்டுனா 75,000 வரும். ஆக 2,57,000 வரணும், 57,000 அங்கேயே குறையுது.

அதோட முடியல. என் மச்சான் ஆஸ்பத்திரி பில்லிங்ல போய் ரூம் வாரியா ரேட்டு லிஸ்ட்டும் ஒரு லெட்டரும் வாங்கிட்டு வந்தான் (மூணு தடவ அலைய விட்டாங்க, அது வேற கத). தியேட்டரும் மயக்க மருந்தும் சேந்து 45,000, எல்லா ரூமுக்கும் ஒரே ரேட்டு. ரூம பொறுத்து ரேட்டு மாறாத செலவுல இந்த வெட்டு போடக்கூடாதுன்னு அதே உத்தரவுல இருக்கு. அப்ப அந்த 45,000மும் முழுசு, வெட்டு டாக்டர் பீஸு 75,000த்துல மட்டும், அது 28,125. ரூம் வித்தியாசம் 18,000. மொத்தமா எங்க தலையில 46,125, உங்க தலையில 2,73,875. நீங்க இன்னும் பாக்கி 73,875 ரூபா.

இங்க எங்க ஊரு இன்சூரன்ஸ் மெடிக்கல் கார்டுலயும் ரூம் லிமிட்டு தாண்டுனா மத்த பில்லுல 20 சதவீதம் நீ கட்டுன்னு சில கார்டுல இருக்கு, கசப்புதான், ஆனா கையெழுத்து போடும்போதே தெரியும் லா. உங்க புத்தகத்துல இருக்கறது ஒண்ணு, நீங்க செஞ்சது ஒண்ணு, அதுதான் எரியுது.

மாமா கையெழுத்து போட்ட புகார், ரேட்டு லிஸ்ட்டு, ஆஸ்பத்திரி லெட்டர், பாலிசியோட அந்த பக்கம், எல்லாம் உங்க குறைதீர்ப்பு அதிகாரிக்கு போயாச்சு. ஒரு மாசத்துல பதில் இல்லன்னாலோ முடியாதுன்னு சொன்னாலோ சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்கிட்ட போறோம், அங்க பீஸு கிடையாது, வக்கீலும் வேணாம். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க, 3,20,000த்துல நீங்க மொத்தமா வெட்டுன 1,20,000த்த வரி வரியா பிரிச்சு எழுதி மாமாவுக்கு அனுப்புங்க. இம்ப்ளான்ட்டுக்கு நேரா என்ன காரணம் எழுதுறீங்கன்னு பாக்கணும்.