சேலைப் பதிவின் கீழ் பதில் எழுதுபவர்கள் கவனத்துக்கு

வணக்கம். சுங்குடிச் சேலைப் பதிவில் விலை கேட்பவர்களுக்கு ‘இன்பாக்ஸ் பாருங்க’ என்று எழுத வேண்டாம். ஆளுக்கொரு விலை சொல்கிறோமோ என்ற சந்தேகம்தான் வரும். ‘850 ரூபாய், கூரியர் 60’ என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ‘சாயம் போகுது, ஏமாத்து வேலை’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதை நீக்காதீர்கள், ‘துவைத்த விதம் தப்பு’ என்றும் வாதாடாதீர்கள். ‘சிரமத்துக்கு வருந்துகிறோம். ஆர்டர் எண்ணையும் சேலையின் படத்தையும் இன்பாக்ஸில் அனுப்புங்கள், இன்றே பார்க்கிறோம்’ என்பது போதும். முதல் துவைப்பில் கொஞ்சம் சாயம் இறங்குவது இயல்புதான், ஆனால் அதைப் படம் பார்த்த பிறகு தனியாகச் சொல்லலாம். அவர் மறுபடி கோபப்பட்டாலும் பொதுவில் இரண்டாவது பதில் வேண்டாம். வசைச்சொல்லோ போன் நம்பரோ இருந்தால் மட்டும் கமெண்ட்டை மறைத்துவிடுங்கள்.