மொழிப் பரிமாற்றச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு 5 முறை கூடியது. சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் சேர்ந்து சாப்பிட்டோம். சமூக மன்றத்தில் அறை கிடைக்காத வாரங்களில் புளோக்கின் கீழ்த்தளத்திலேயே மேசை போட்டு வகுப்பு நடத்தினோம். மற்ற நிகழ்ச்சிகளின் விவரம் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

இனி செவ்வாய்க்கிழமை ஆங்கில வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "செயலாளர் வருஷம் முழுக்க நாலு சொல்லைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்" என்று சென்ற கூட்டத்தில் ஓர் உறுப்பினர் சொன்னார். அந்த நாலு சொற்கள் ஆங்கிலத்தில் 'பிகாஸ்', 'ஸோ', 'ஆல்தோ', 'பட்'. ஏன் அவற்றுக்கு அவ்வளவு நேரம் தேவைப்பட்டது என்பதை இங்கே பதிவு செய்வது என் கடமை.

சீனாவிலிருந்து வந்து இங்கே உணவங்காடியில் சமையல் வேலை பார்க்கும் ஒருவர் பிப்ரவரியில் வகுப்பில் சேர்ந்தார். மேலாளருக்கு அனுப்ப வேண்டிய ஒரு கடிதத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதில் இரண்டே வாக்கியங்கள். "ஆல்தோ ஐ ஹேட் ஃபீவர், பட் ஐ கேம் டு வொர்க் யெஸ்டர்டே" என்பது முதலாவது. "பிகாஸ் த டாக்டர் கேவ் மீ எம்சி, ஸோ ஐ கேனாட் கம் டுடே" என்பது இரண்டாவது. அன்று அவர் மேசையில் இருந்த நம் தமிழ்த் தொண்டூழியர் சிவப்புப் பேனாவால் 'பட்', 'ஸோ' இரண்டையும் அடித்தார். "ஒரு வாக்கியத்துக்கு ஒன்று போதும் அங்கிள்" என்று சொல்லி அனுப்பினார். திருத்தம் சரிதான். ஆனால் அடுத்த வாரம் அவர் எழுதிக்கொண்டு வந்தது இது: "ஆல்தோ ஐ ஹேட் ஃபீவர்." முற்றுப்புள்ளி. "ஐ கேம் டு வொர்க்." முற்றுப்புள்ளி.

'பட்' போய்விட்டது, அது இருந்த இடத்தில் முற்றுப்புள்ளி வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு தவறைத் திருத்தப்போய் இன்னொன்று பிறந்தது. நம் வகுப்பில் இது ஒருவரோடு நிற்கவில்லை. அதனால்தான் அதோடு விடாமல் காரணத்தைத் தேடினேன்.

காரணம் சீன மொழியிலேயே இருக்கிறது. மாண்டரினில் 'யின்வெய்' என்று காரணத்தைத் தொடங்கினால், விளைவை 'ஸுவோயி' என்று தொடங்குவார்கள். 'ஸுயிரான்' என்று ஒரு நிலையை ஒப்புக்கொண்டால் அடுத்த பாதியில் 'தான்ஷி' வரும். இப்படி ஜோடி ஜோடியாக வரும் இணைப்புச் சொற்களுக்குக் 'குவான்லியென்ட்ஸு' என்று பெயர். தொடக்கப்பள்ளியிலேயே கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லிப் பழக்குகிறார்கள். ஒரு பாதியை மட்டும் எழுதினால் மதிப்பெண் போகும். அப்படி வளர்ந்தவருக்கு 'ஆல்தோ' என்று ஆரம்பித்துவிட்டு 'பட்' போடாமல் விடுவது, கதவைத் திறந்துவிட்டு மூடாமல் போவது மாதிரி. அவர் கவனக்குறைவாக எழுதவில்லை. பள்ளியில் கற்றதை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார்.

அந்தப் பக்கத்திலிருந்தும் இதைப் பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மாண்டரின் வகுப்பில், "ஸுயிரான் வோ ஃபாஷாவ், வோ லாய் லெ" என்றேன். 'காய்ச்சல் இருந்தாலும் நான் வந்தேன்' என்று பொருள். சொல்லிக்கொடுத்த ஆன்ட்டி நான் முடித்த பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தான்ஷி எங்கே?" என்றார். 'யின்வெய்' வாக்கியத்தில் 'ஸுவோயி'யை விட்டால் பல நேரம் பொறுத்துக்கொள்வார்கள். 'ஸுயிரான்' முன்னால் வந்துவிட்டாலோ பின் பாதியில் 'தான்ஷி' அல்லது அந்த வேலையைச் செய்யும் வேறு சொல் ஏதாவது இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கேட்பவர் காத்துக்கொண்டே இருப்பார்.

நம் தமிழ்த் தொண்டூழியர்களுக்கு இந்தத் தவறு உடனே கண்ணில் படுகிறது. ஆனால் அதை விளக்க வாய் வருவதில்லை. தமிழில் 'காய்ச்சல் இருந்தாலும்' என்று வினையின் வாலிலேயே வேலை முடிந்துவிடுகிறது. 'காய்ச்சல் இருந்தாலும் ஆனால் வந்தேன்' என்று யாரும் சொல்வதில்லை. 'டாக்டர் எம்சி கொடுத்ததால் அதனால் வரவில்லை' என்பதும் காதில் உறுத்தும். அதனால் நாம் யோசிக்காமல் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். இரண்டில் எதை எடுப்பது, எடுத்த பிறகு அந்த இடத்தில் என்ன நிற்க வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை.

ஆங்கிலத்தில் நடப்பது இதுதான். 'ஆல்தோ' தான் நிற்கும் பாதியைச் சார்ந்த பாதியாக்கிவிடுகிறது. அது தனியாக நிற்காது, இன்னொரு பாதியில் சாய்ந்துதான் நிற்கும். 'பட்' அப்படியல்ல, சம நிலையில் உள்ள இரண்டைக் கோக்கும் சொல். இரண்டையும் போட்டால் சாய்ந்து நிற்கும் பாதியைச் சமமான பாதியாகவும் சொன்னதாகிறது. 'பட்'டை எடுத்தால் நடுவில் காற்புள்ளி வேண்டும், முற்றுப்புள்ளி கூடாது. 'ஆல்தோ'வை எடுத்தால் 'பட்' தானே பார்த்துக்கொள்ளும். 'பிகாஸ்', 'ஸோ' இரண்டுக்கும் இதே கணக்குதான்.

சோதனையும் எளிது. முதல் பாதியை மட்டும் காட்டி, மீதியைத் தாளால் மறைத்துவிட்டு உரக்கப் படிக்கச் சொன்னேன். "ஆல்தோ ஐ ஹேட் ஃபீவர்" என்று படித்ததும் சமையல்காரர் தாமாகவே, "முடியலையே" என்றார். அப்படியானால் அங்கே முற்றுப்புள்ளி வராது. ஒரு காற்புள்ளிக்காக ஒரு மாலை முழுவதும் போனது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்த இடத்தில் தவறவில்லை.

ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. 'இஃப்' வந்தால் 'தென்' போடலாம், 'நாட் ஒன்லி' வந்தால் 'பட் ஆல்ஸோ' போடலாம், 'ஆல்தோ'வுக்கு மட்டும் ஏன் 'பட்' கூடாது? நியாயமான கேள்வி. 'நாட் ஒன்லி' இரண்டு சமமானவற்றின் முன்னால் நிற்கிறது, அதனால் 'பட்'டோடு அதற்குச் சண்டை இல்லை. 'தென்' கோக்கும் சொல்லே அல்ல, வெறும் வினையடை. தேவாலயத்துக்குப் போகும் ஓர் உறுப்பினர், 1611இல் வந்த ஆங்கில பைபிளில் யோபு புத்தகத்தில் 'தோ' என்று தொடங்கி 'யெட்' என்று தொடர்வதைக் காட்டினார். அதுவும் சரிதான். அந்த 'யெட்' அங்கே 'இருந்தும்' என்று பொருள் தரும் வினையடை.

வகுப்புக்கு மிகவும் உதவியது இதிலிருந்துதான் கிடைத்தது. 'ஸுயிரான்' வாக்கியத்தின் பின் பாதியில் 'தான்ஷி'யோடு 'ஹாய்ஷி' என்றும் சேர்த்துச் சொல்வது சீனர்களுக்கு வழக்கம். அதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்டில்' பொருந்துகிறது. 'ஸ்டில்' வினையடை என்பதால் 'ஆல்தோ'வோடு தாராளமாக வரலாம். "ஆல்தோ ஐ ஹேட் ஃபீவர், ஐ ஸ்டில் கேம் டு வொர்க்." பின் பாதியிலும் ஏதோ ஒன்று வேண்டும் என்று ஏங்கும் காதுக்கு ஒரு சொல் கிடைத்துவிடுகிறது, ஆங்கிலமும் கெடவில்லை. 'பட்'டை எடு என்று மட்டும் சொன்னபோது அது மறுபடி மறுபடி உள்ளே வந்தது. 'பட்'டுக்குப் பதில் 'ஸ்டில்' என்று சொன்ன பிறகு வருவது மிகவும் குறைந்தது.

'ஸோ'வுக்கு அப்படி ஒரு மாற்று அதே வாக்கியத்தில் சுலபமாகக் கிடைக்கவில்லை. அதற்கு வரிசையை மாற்றச் சொன்னேன். "ஐ கேனாட் கம் டுடே பிகாஸ் த டாக்டர் கேவ் மீ எம்சி." மாண்டரினிலும் விளைவை முதலில் சொல்லிவிட்டு 'யின்வெய்' என்று காரணத்தைப் பின்னால் சொன்னால் 'ஸுவோயி' வராது. ஆகவே இந்த வரிசையில் அவர்களுக்கு இரண்டாவது சொல் நாக்கில் வருவதே இல்லை. காரணத்தை முதலில் சொல்லியே ஆக வேண்டும் என்றால் 'பிகாஸ்' வேண்டாம், 'ஸோ' மட்டும் போதும்.

இந்த இரண்டு வழிகளையும் அட்டைகளில் அச்சடித்துக் கொடுத்தேன். அச்சுச் செலவு பற்றிப் பேச்சு வந்தது எனக்குத் தெரியும். அட்டைகள் இன்னமும் புழக்கத்தில் இருக்கின்றன. சமையல்காரர் தம்முடையதைக் கைப்பேசி உறைக்குள் வைத்திருக்கிறார்.

இனி வருகை. செவ்வாய் வகுப்புக்குப் பெயர் கொடுத்த தொண்டூழியர்கள் 8 பேர், தவறாமல் வந்தவர்கள் 3 பேர். வேலை, பிள்ளைகளின் தேர்வு எல்லாம் எனக்கும் புரிகிறது. ஆனால் இரவு ஷிப்டுக்கு முன்னால் இரண்டு பேருந்து மாறி வருகிறவர் காலியான மேசைக்கு எதிரில் உட்கார்ந்து காத்திருந்ததை இரண்டு முறை பார்த்தேன். வர முடியாவிட்டால் முந்தின நாளே ஒரு வரி அனுப்பியிருக்கலாம். வெள்ளிக்கிழமை மாண்டரின் வகுப்பிலும் இதே நிலைதான். ஆன்ட்டி ஒரு நாளும் தவறவில்லை. நாம்தான் தவறினோம். 'இஃப்' என்று பொருள் தரும் 'ரூகுவோ' வந்தால், பின் பாதியில் 'தென்' போல வரும் 'ஜியூ' எங்கே நிற்கும் என்று அவர் மூன்று வாரம் சொல்லிக்கொடுத்தார். எழுவாய்க்குப் பின்னால்தான் வரும்: "வோ ஜியூ பு ச்சூ", அதாவது 'அப்படியானால் நான் போகமாட்டேன்'. மூன்று வாரமும் புதிது புதிதாக ஆட்கள் வந்ததால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். பெரிய கடன் ஏதுமில்லை. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. ஆண்டுச் சந்தா 24 வெள்ளி. இரண்டு ஆண்டாகக் கட்டாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களின் பெயர்களை இங்கே படிக்கப்போவதில்லை, பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது.

தலைவருக்கும், மேசை நாற்காலி தந்து உதவிய சமூக மன்றத்தாருக்கும், கோப்பி வாங்கிக் கொடுத்த உறுப்பினர்களுக்கும், வெள்ளிக்கிழமை ஆன்ட்டிக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு செவ்வாய் வகுப்பை இரண்டு மேசையாக்க வேண்டும். வியட்நாமிலிருந்து வந்த இரண்டு பேர் சேரக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் மொழியிலும் 'பிகாஸ்', 'ஸோ' போல 'வி' என்றால் 'நென்', 'ஆல்தோ', 'பட்' போல 'துய்' என்றால் 'ந்யுங்' என்று இதே மாதிரி ஜோடிகள் உண்டு. ஆகவே இதே அட்டைகளைக் கொஞ்சம் மாற்றினால் போதும். ஆள்தான் வேண்டும். மூன்றாண்டாகச் செயலாளர் பொறுப்போடு வகுப்பையும் நானே பார்த்துவருகிறேன். இரண்டில் ஒன்றை யாராவது எடுத்துக்கொண்டால் மற்றதை நன்றாகச் செய்ய முடியும். எதை எடுத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்.

முதல் வகுப்பு ஜனவரி முதல் செவ்வாய், மாலை 7.30 மணிக்கு, கீழ்த்தள மேசையில். அட்டைகள் வைத்திருக்கும் பெட்டியின் சாவி என்னிடம் இருக்கிறது. வருகிறவர்கள் ஒரு பென்சிலும், சந்தா பாக்கி இருந்தால் அதையும் கொண்டுவரவும்.

இப்படிக்கு,
செயலாளர்