துபாய், அபுதாபி திரும்புகிறவர்கள் கவனத்துக்கு

வணக்கம் அண்ணன், தம்பி, தங்கச்சி எல்லாருக்கும். லீவு முடிந்து சுங்கை சிப்புட்டிலிருந்து கிளம்புகிறவர்கள், கேஎல்ஐஏ-வுக்குப் போகும் முன் இங்கே வீட்டிலேயே விசாவைச் சரிபார்த்துவிடுங்கள்.

எமிரேட்ஸ் ஐடி அட்டையில் இருக்கும் தேதியை மட்டும் நம்ப வேண்டாம். சாதாரண வேலை விசாவில் தொடர்ந்து 180 நாளுக்கு மேல் வெளியே இருந்தால், அட்டையில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தாலும் அனுமதி செல்லாமல் போகலாம். 2026 ஜனவரி 10 கிளம்பிய ஒருவருக்கு ஜூலை 9-ல் 180 நாள் ஆகிவிடும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவை நீட்டிக்கும்போதுதான் இது பலருக்கும் மறந்துபோகிறது. முதலாளி இடையில் விசாவை ரத்து செய்திருந்தாலும் அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

smartservices.icp.gov.ae தளத்தில் File Validity பகுதிக்குப் போய், கடப்பிதழ் எண், கடப்பிதழ் முடியும் தேதி, நாடு போட்டால் இப்போதைய நிலை தெரியும். விசா கோப்பு எண் 201 என்று தொடங்கினால் அது துபாய் விசா, அதை gdrfad.gov.ae-யில் பாருங்கள். டிக்கெட் எடுக்கும் முன் ஒரு தடவை, கிளம்பும் வாரத்தில் இன்னொரு தடவை பார்ப்பது நல்லது.

காலாவதி என்று வந்தால் உடனே கம்பெனியின் பிஆர்ஓ-வைக் கூப்பிடுங்கள். தக்க காரணம் இருந்தால் மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். மலேசியக் கடப்பிதழ்தானே, வருகையாளராக உள்ளே போய்விடலாம் என்று சிலர் சொல்வார்கள். போகலாம், ஆனால் அதில் வேலை செய்யக் கூடாது.

அப்புறம், இங்கே புதுக் கடப்பிதழ் எடுத்தவர்கள் பழையதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.